போனில் மாட்டும் கன்ட்ரோலர்: விரலை விட மேலா, கொடுக்கும் காசுக்குத் தகுமா?

"மாமா, போனை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிற மாதிரி ஒரு கன்ட்ரோலர் ஆஃபர்ல வந்திருக்கு. நாலாயிரத்து ஐந்நூறு. போட்டுடவா?"

கேட்டது அக்கா மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என்ன கேம் ஆடுகிறாய் என்று கேட்டேன்.

"பிஜிஎம்ஐதான் முக்கால்வாசி. அப்பப்போ கால் ஆஃப் டியூட்டி. ரெண்டும் துப்பாக்கி கேம்தான்."

"அப்போ வாங்காத. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, காட்டுறேன்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒன்றை வாங்கினேன். போனில் அழகாக உட்கார்ந்தது, விளக்கு எரிந்தது, பட்டன்கள் நன்றாக அமுங்கின. பிஜிஎம்ஐயைத் திறந்தால் ஒரு பட்டனுக்கும் கேம் அசையவில்லை. பழுது என்று நினைத்து மாற்றிக் கேட்டேன். வந்த அடுத்த பீஸும் அப்படியே. பழுது பொருளில் இல்லை. அந்த கேம் கன்ட்ரோலரை ஏற்பதே இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. பெட்டியின் மேல் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். காசு கட்டுவதற்கு முன்பே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில், எந்தச் சாதனத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

கடையில் "மொபைல் கேம் கன்ட்ரோலர்" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களை எடுத்து வைப்பார்கள். மூன்றும் வேலை செய்யும் விதமே வேறு.

ஒன்று, ட்ரிக்கர் கிளிப். போனைப் படுக்கவைத்துப் பிடிக்கும்போது மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும் சின்ன நெம்புகோல். ஜோடி 150 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை. ஆள்காட்டி விரலால் அழுத்தினால் அதன் அடிப்பக்கத்தில் உள்ள சின்னப் பட்டை திரையைத் தொடும். அவ்வளவுதான். போனைப் பொறுத்தவரை அதுவும் ஒரு விரல்.

இரண்டாவது, இழுத்து மாட்டும் கன்ட்ரோலர். நடுவில் போன், இரண்டு பக்கமும் கைப்பிடி, அனலாக் ஸ்டிக், பட்டன். பேக்போன் ஒன், ரேசர் கிஷி, கேம்சர் எல்லாம் இந்த வகை. பேக்போன் 2020-ல் 99.99 டாலருக்கு வந்தது. இங்கே அதிகம் தெரியாத பிராண்டுகள் இரண்டாயிரம், மூவாயிரத்திலிருந்தே கிடைக்கின்றன. இது திரையைத் தொடாது. "ஏ பட்டன் அமுங்கியது, இடது ஸ்டிக் இவ்வளவு சாய்ந்தது" என்று போனுக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவலைக் காதில் வாங்கிக்கொள்ளத் தெரிந்த கேமில்தான் வேலை செய்யும்.

மூன்றாவது, வெறும் பிடிப்பான். வீட்டில் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருந்தால் அதன் தலையில் போனை நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப். 200 முதல் 500 ரூபாய். இதையும் ஆடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டே இன்னொரு கன்ட்ரோலருக்கு ஐயாயிரம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கேம் கன்ட்ரோலரை ஏற்குமா? காசில்லாமல் கண்டுபிடிப்பது

நண்பர் வீட்டிலிருந்து ஒரு கன்ட்ரோலரை ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். பிஎஸ்4 கன்ட்ரோலர் என்றால் ஷேர் பட்டனையும் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மினுக்கும். போனின் புளூடூத் பட்டியலில் Wireless Controller என்று தெரியும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் எல்லாவற்றிலும் புளூடூத் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முன்பக்கத்தோடு ஒரே துண்டாக இருந்தால் உண்டு. மேலே பளபளப்பாகத் தனித் துண்டாக இருந்தால் இல்லை. கன்ட்ரோலரே கிடைக்கவில்லையா? கம்ப்யூட்டருக்கு வாங்கிய பழைய யூஎஸ்பி கேம்பேடை ஒரு ஓடிஜி கேபிளில் சொருகினாலும் பெரும்பாலும் போதும்.

இணைத்ததும் நேரே கேமுக்குப் போகாதீர்கள். முதலில் போன் அதை அறிந்துகொண்டதா என்று பாருங்கள். குரோமில் `gamepad tester` என்று தேடி, வரும் பக்கம் ஒன்றைத் திறந்து ஏதாவது பட்டனை அழுத்தினால் எந்தப் பட்டன் அமுங்கியது என்று அங்கே தெரியும். இங்கே தெரிந்து கேமில் தெரியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கேம்தான் ஏற்கவில்லை. நான் அன்று இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் பார்சலைத் திருப்பி அனுப்பி அலைந்திருக்க மாட்டேன்.

அக்கா மகனோடு இப்படிப் பார்த்தபோது பிஜிஎம்ஐ கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. கால் ஆஃப் டியூட்டி மொபைல் உடனே பிடித்துக்கொண்டது. அந்த கேமில் 2019 நவம்பரிலிருந்தே கன்ட்ரோலர் வசதி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மல்டிபிளேயரில் கன்ட்ரோலரோடு வருபவரை, கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களோடுதான் சேர்த்து ஆடவிடும் ஏற்பாடு அது. விரலால் ஆடுபவர்களை அடித்து நொறுக்கலாம் என்ற கனவோடு வாங்கினால் அங்கே ஏமாற்றம்தான். எதிரில் இருப்பவர் கையிலும் அதே ஸ்டிக் இருக்கும்.

மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, டெட் செல்ஸ், ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், ஆஸ்ஃபால்ட் கார் கேம்கள், பழைய பிஎஸ்பி கேம்களை ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர், வீட்டு பிஎஸ்5-ஐ போனில் ஆடவைக்கும் ரிமோட் பிளே இவையெல்லாம் கன்ட்ரோலரை நன்றாக ஏற்பவை. உங்கள் நேரம் இங்கே போகிறதென்றால் இழுத்து மாட்டும் கன்ட்ரோலர் பேச்சுக்கு வரலாம்.

ஏற்காத கேமில் கீ மேப்பிங் ஆப் போட்டு ஓட்டலாமே என்று கேட்பார்கள். கன்ட்ரோலர் பட்டனைத் திரைத் தொடுதலாக மாற்றிக் கொடுக்கும் ஆப்கள் அவை. வேலை செய்கின்றன என்பது உண்மை. ஆனால் எதிரிகளோடு ஆன்லைனில் ஆடும் கேம்கள் இதை ஏமாற்று வேலையாக எடுத்துக்கொண்டு கணக்கை முடக்கலாம். மூன்று வருடம் சேர்த்த ஸ்கின்னும் லெவலும் போய்விட்டால் திரும்ப வாங்க வழி இல்லை. தனியாக ஆஃப்லைனில் ஆடும் கேமுக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். பிஜிஎம்ஐக்கு வேண்டவே வேண்டாம்.

விரலும் ஸ்டிக்கும் எங்கே வேறுபடுகின்றன

பலர் கன்ட்ரோலர் என்றாலே குறி துல்லியமாகும் என்று நினைக்கிறார்கள். சுடும் கேமில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். ஏன் என்று புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற குழப்பமே இருக்காது.

கண்ணாடியில் விரலை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை அதற்கேற்ற கோணம் திரும்பி அங்கேயே நிற்கும். விரல் நின்றால் பார்வையும் நிற்கும். ஸ்டிக் அப்படி இல்லை. ஸ்டிக்கைச் சாய்த்தால் பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். அதிகம் சாய்த்தால் வேகமாக, கொஞ்சம் சாய்த்தால் மெதுவாக. சரியான இடம் வந்ததும் நீங்கள்தான் விட வேண்டும். அதாவது விரல் சொல்வது தூரத்தை, ஸ்டிக் சொல்வது வேகத்தை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பிச் சுட வேண்டிய இடத்தில் விரல் ஒரே இழுப்பில் போய் நிற்கும். ஸ்டிக் போய், தாண்டி, திரும்பி வரும். டிவி கன்சோல் கேம்களில் இந்தக் குறையை மறைக்கத்தான் குறியை எதிரியின் மேல் லேசாக ஒட்டவைக்கும் உதவி வைத்திருக்கிறார்கள்.

பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்கு இதற்கும் மேலே கைரோ இருக்கிறது. போனையே லேசாகச் சாய்த்து, சுடும்போது துப்பாக்கி எகிறும் ரீகாயிலை இழுத்துப் பிடிப்பவர்களுக்கு ஸ்டிக் என்பது பின்னோக்கிப் போவதுதான்.

சரி, அப்படியானால் விரலின் குறை என்ன? குறி பார்ப்பதில் அல்ல. வலது கட்டை விரல் ஒன்றே குறியும் பார்த்து, சுடவும் செய்து, ஸ்கோப்பும் போட்டு, குதிக்கவும் வேண்டியிருப்பதுதான் குறை. சுட விரலை எடுத்தால் குறி நிற்கிறது. குறி பார்த்தால் சுட முடியவில்லை. ட்ரிக்கர் கிளிப் தீர்ப்பது இந்த ஒன்றை மட்டும்தான். சுடுவதையும் ஸ்கோப்பையும் சும்மா இருக்கும் ஆள்காட்டி விரல்களுக்கு மாற்றிவிடுகிறது. குறி பார்க்கும் வேலை கட்டை விரலிடமே, கண்ணாடியிலேயே இருக்கிறது. கைரோவும் இருக்கிறது.

கார் ஓட்டுவது, தாண்டிக் குதித்து ஓடுவது, சண்டை கேம், பிஎஸ்பி கேம் என்று வந்தால் கதை தலைகீழ். அங்கே தூரம் முக்கியமில்லை. பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரிய வேண்டும். வழவழ கண்ணாடியில் அது தெரியாது. கண் ரோட்டில் இருக்கும்போது கட்டை விரல் தானாக நகர்ந்து பிரேக்கை விட்டு விலகிப்போய்விடும். நிஜ ஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை. போதாததற்கு இரண்டு கட்டை விரலும் திரையை மறைப்பதும் போய்விடுகிறது.

ட்ரிக்கர் கிளிப் மாட்டி ஓட்டுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலோர் வாங்க வேண்டியது இதுதான். வாங்கியவர்கள் சரியாக மாட்டாமல் தூக்கிப் போடுவதும் இதைத்தான்.

திரை எப்படித் தொடுதலை உணர்கிறது என்று ஒரு வார்த்தை. உங்கள் உடம்பு மின்சாரம் கடத்தும் பொருள். விரல் அருகில் வரும்போது கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்னூட்டம் சற்று மாறும். அதைத்தான் போன் படிக்கிறது. கிளிப்பில் உங்கள் விரல் படும் இடத்திலிருந்து அடியில் உள்ள பட்டை வரை கடத்தும் பாதை இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது கைக்குட்டையைச் சுற்றி ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், பிறகு வெறும் விரலால். விரலில் மட்டும் வேலை செய்தால் அது சாதாரண வகை. ஏசி அறையில் விரல் வறண்டு போனால் இந்த வகை சில நேரம் ஏமாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். சார்ஜ் போட்டு, தானாகத் தொடர்ந்து சுடும் டர்போ வகையும் விற்கிறார்கள். அதை ஒதுக்கிவிடுங்கள். தானாகச் சுடுவது கேம் விதிகளோடு மோதும்.

மாட்டும் முன் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் About phone-ல் Build number-ஐ ஏழு தடவை தட்டினால் Developer options திறக்கும். சில போன்களில் பெயர் சற்று மாறும். அதற்குள் Pointer location என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். இனி திரையில் எங்கே தொட்டாலும் அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு வரும். மேலே P: 1 / 1 என்று எத்தனை விரல் படுகிறது என்ற கணக்கும் ஓடும்.

இப்போது கிளிப்பை மாட்டி, போனைப் படுக்கையாகப் பிடித்து, மெதுவாக அழுத்துங்கள். அக்கா மகன் போனில் முதலில் அழுத்தியபோது கோடு வந்தது, அழுத்திப் பிடித்திருக்கும்போதே மறைந்தது, மறுபடி வந்தது. கேமில் இதுதான் "அழுத்தினாலும் குண்டு போகல" என்று தெரியும். அவன் கிளிப்பைக் குறை சொன்னான். காரணம் மேலே ஒட்டியிருந்த தடித்த டெம்பர்டு கிளாஸ், அதன் விளிம்பில் படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும். மைக்ரோ ஃபைபர் துணியால் கண்ணாடியையும் பட்டையின் அடியையும் துடைத்ததும் கோடு நின்று நிலைத்தது. துடைத்தும் விட்டு விட்டு வந்தால் மெல்லிய கிளாஸுக்கு மாற வேண்டியதுதான். செட்டிங்ஸில் டச் சென்சிட்டிவிட்டியைக் கூட்டும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதை முதலில் முயன்று பாருங்கள்.

அழுத்தாதபோதும் கோடு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பட்டை திரைக்கு ரொம்ப நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கிளிப்பை அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள் அல்லது கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். ஓரம் வளைந்த திரை கொண்ட போனில் கிளிப் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் போனுக்கு இது சரிப்படாது. பக்கவாட்டில் உள்ள வால்யூம், பவர் பட்டன்களின் மேல் கிளிப் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டை உச்சத்தில் திரை அணைந்து போன அனுபவம் எங்களுக்கு அன்றே கிடைத்தது.

கோடு வரும் இடத்தைக் கண்ணால் நன்றாகப் பதியவைத்துக்கொண்டு கேமைத் திறங்கள். கன்ட்ரோல் லேஅவுட்டைத் திருத்தும் பக்கத்துக்குப் போய், வலது கிளிப் படும் இடத்துக்கு ஸ்கோப் பட்டனையும், இடது கிளிப் படும் இடத்துக்கு இடது ஃபயர் பட்டனையும் இழுத்து வையுங்கள். இரண்டையும் சற்றுப் பெரிதாக்குங்கள். ஆடும்போது கை இறுக்கத்தில் கிளிப் ஒரு மில்லிமீட்டராவது நகரும். பட்டன் பெரிதாக இருந்தால் அது தாங்கும். பிஜிஎம்ஐயில் மேல் வலது மூலையில் மேப் இருக்கும். கிளிப் அதை மறைத்தால் எதிரி சுட்ட திசையைப் பார்க்க முடியாமல் செத்துப்போவீர்கள். ஆகவே வலது கிளிப்பை மேப்புக்கு இடப்புறம் தள்ளி வைப்பது நல்லது. லேஅவுட்டைச் சேமித்த பிறகு Pointer location-ஐ அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோடு கேமிலும் வந்துகொண்டே இருக்கும்.

கிளிப் மாட்டிய இடத்தை மறக்காமல் இருக்கக் கவரின் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு சின்னக் கோடு போட்டுவிட்டோம். அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்.

சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடும்போது தொடாத இடமெல்லாம் தொட்டது போலத் திரை குதித்தால் கிளிப்பைத் திட்டாதீர்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரையைக் குழப்பும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அப்போதே நின்றுவிடும்.

கிளிப்பை விட மலிவான எதிரி

நேர்மையாகச் சொன்னால் கிளிப்பின் நிஜப் போட்டி இரண்டு கட்டை விரல் ஆட்டம் அல்ல. காசே கேட்காத க்ளா கிரிப்தான். ஆள்காட்டி விரல்களை வளைத்து நண்டுக் கொடுக்கு மாதிரி நேரே கண்ணாடியில் வைத்து ஆடுவது. கிளிப் செய்யும் அதே வேலை. இன்னும் சொன்னால் ஒரு படி மேல். விரல் ஏற்கெனவே கண்ணாடிக்கு அருகில் நிற்கிறது, நெம்புகோல் கீழே இறங்கும் நேரம் மிச்சம். ஆனால் கை வலிக்கும், பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அக்கா மகனை ஒரு வாரம் கணக்கு எழுதச் சொன்னேன். பயிற்சி மைதானத்தில் ஒரே துப்பாக்கி, ஒரே இலக்கு, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே 30 குண்டு கொண்ட ஒரு மேகஸினைக் காலி செய்ய வேண்டும். தினம் பத்துத் தடவை, எத்தனை பட்டது என்று நோட்டில் எழுத வேண்டும். பழைய இரண்டு விரல் ஆட்டத்தில் அவனுக்குச் சராசரி 11. கிளிப் மாட்டிய முதல் நாள் 8-க்கு இறங்கியது. "மாமா, இது வேஸ்ட்" என்று போன் செய்தான். விடாமல் எழுதச் சொன்னேன். நான்காம் நாள் 15. க்ளாவில் அதே நான்காம் நாள் 10, கூடவே மணிக்கட்டு வலி. பொறுமை உள்ளவன் மூன்றாவது வாரத்தில் க்ளாவில் கிளிப்பைத் தாண்டிவிடுவான் என்றுதான் நான் நினைக்கிறேன். இவனுக்குத் தேர்வு வந்துவிட்டது.

பட்டணத்துப் போட்டி, கல்லூரிப் போட்டி என்று போகிறவர்கள் கவனியுங்கள். பல போட்டிகளில் வெளிச் சாதனம் எதுவும் திரையில் இருக்கக் கூடாது. அங்கே போகும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே க்ளாவைப் பழகுங்கள்.

இழுத்து மாட்டும் கன்ட்ரோலர்தான் வேண்டும் என்று முடிவானால்

ஸ்கேலை எடுத்து, கவரோடு போனின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, பெட்டியில் எழுதியுள்ள அதிகபட்ச நீளத்தோடு ஒப்பிடுங்கள். நீளம் சரியாக இருந்தாலும் கவரின் தடிமன் சொதப்பும். யூஎஸ்பி-சி முள் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கும், போனை அசைத்ததும் இணைப்பு அறுந்து கேம் அப்படியே நின்றுவிடும். பின்னால் கேமரா துருத்திக்கொண்டிருக்கும் போன் என்றால் அது கைப்பிடிக்கு நடுவிலுள்ள பாலத்தில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பத் தரும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

புளூடூத் வகையா, யூஎஸ்பி-சி வகையா என்றால் சந்தேகமில்லாமல் யூஎஸ்பி-சி. தாமதம் குறைவு, தனியாகச் சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. கொஞ்சம் போனின் பேட்டரியைச் சாப்பிடும். சில போன்களில் ஓடிஜி என்பதை செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானே அணைந்துவிடும் போன்களும் உண்டு. "கன்ட்ரோலர் திடீர்னு செத்துப்போச்சு" என்று வரும் புகாரில் பலவற்றுக்கு இதுவே காரணம். போனின் துளையைக் கன்ட்ரோலர் பிடித்துக்கொள்வதால் யூஎஸ்பி-சி இயர்போன் போட இடமில்லை. கன்ட்ரோலரில் சார்ஜுக்கென ஒரு துளை இருக்கும், பெரும்பாலும் அதில் இயர்போன் வேலை செய்யாது. காலடிச் சத்தம் கேட்டு ஆடுபவராக இருந்தால் 3.5 எம்எம் துளை உள்ள கன்ட்ரோலராகப் பாருங்கள். புளூடூத் இயர்போனில் சத்தம் பிந்தி வரும்.

வந்ததும் அதே கேம்பேட் டெஸ்டர் பக்கத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி 0.05-க்குள் நின்றால் நல்லது. தொடாமலே 0.1-க்கு மேல் காட்டினாலோ ஒவ்வொரு தடவை விடும்போதும் வேறு வேறு எண்ணில் நின்றாலோ அது டிரிஃப்ட். கேமில் ஆள் தானாக நடப்பார். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதைப் பார்த்துவிட வேண்டும். உரசித் தேயும் பழைய வகை ஸ்டிக்கை விட, காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகாது. விலையில் நானூறு, ஐந்நூறு கூடினாலும் அதை எடுங்கள்.

தாமதத்தை அளக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. இன்னொரு போனில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோ மோஷனில் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள். பட்டன் அடியில் போய்த் தொடும் நொடியிலிருந்து துப்பாக்கி நெருப்பு தெரியும் வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லி செகண்ட். அதே கேமில் வெறும் விரலாலும் இதையே எடுத்து இரண்டு எண்ணிக்கையையும் கழித்தால் கன்ட்ரோலர் சேர்க்கும் தாமதம் கிடைக்கும். மூன்று நான்கு ஃப்ரேமுக்குள் என்றால் கவலை வேண்டாம். பத்தைத் தாண்டினால் கார் கேமிலேயே கைக்குத் தெரியும்.

காசுக் கணக்கு

250 ரூபாய் கிளிப். வாரம் ஐந்து மணி நேரம் ஆடினால் ஆறு மாதத்தில் 130 மணி நேரம். பட்டை தேய்ந்து அப்போது தூக்கிப் போட்டாலும் மணிக்கு இரண்டு ரூபாய். 5,500 ரூபாய்க் கன்ட்ரோலர், அதை ஏற்கும் கேம்களை மட்டும் வாரம் நான்கு மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 208 மணி நேரம். முதல் வருடக் கணக்கில் மணிக்கு 26 ரூபாய், இரண்டு வருடம் உழைத்தால் 13. தினம் பிஎஸ்பி எமுலேட்டரோ ரிமோட் பிளேயோ ஆடுகிறவருக்கு இது நியாயமான விலைதான். அந்த கேம்களைக் கண்ணாடியில் ஆடுவது வேதனை. மாதம் இரண்டு தடவை மட்டும் அதைத் திறக்கிறவருக்கு இது வீண் செலவு.

பிஜிஎம்ஐ மட்டும் ஆடுபவருக்கு மணிக்கணக்கே தேவையில்லை. அங்கே ஐயாயிரம் கொடுத்தாலும் கிடைப்பது பூஜ்யம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. 2019-ல் வந்த ஐஓஎஸ் 13-லிருந்தே பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் நேரே இணையும். ஆகவே கையில் கன்ட்ரோலர் இருந்தால் பிடிப்பான் கிளிப் மட்டும் வாங்கினால் போதும். Pointer location வசதி மட்டும் அதில் இல்லை. ஏதாவது ஒரு வரையும் ஆப்பைத் திறந்து, ட்ரிக்கரை அழுத்தும் இடத்தில் புள்ளி விழுகிறதா, விடாமல் விழுகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் அக்கா மகன் வாங்கியது 220 ரூபாய்க்கு ஒரு ஜோடி ட்ரிக்கர் கிளிப். பிஎஸ்பி கார் கேம் ஆட என் பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரையும் 300 ரூபாய்ப் பிடிப்பானையும் எடுத்துக்கொண்டு போனான். பிடிப்பானில் போன் தலைக்கனமாக முன்னால் சாய்வதாகச் சொன்னான். போனைக் கன்ட்ரோலருக்கு நேர் மேலே வராமல் சற்றுப் பின்பக்கம் சாய்த்து இறுக்கு, முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொள் என்றேன். போன வாரம் இடது கிளிப்பின் பட்டை மறுபடி விட்டு விட்டுப் பிடிக்கிறதாம். துடைத்தும் சரியாகவில்லை. அடியிலிருந்த கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளை பிளாஸ்டிக் தெரிகிறது என்று படம் அனுப்பியிருந்தான். அந்தப் பூச்சு போய்விட்டால் மின்சாரம் கடத்தாது, ஒட்டவைக்கவும் வழியில்லை. ஜோடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த தடவை பூச்சு இல்லாமல் உலோகப் பட்டையே திரையைத் தொடும் வகையாக வாங்கு, மாட்டும் முன் அதன் முனையில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார், இருந்தால் கண்ணாடியைக் கீறும் என்று பதில் போட்டிருக்கிறேன்.